ஆதியாகமம் 1, 2: ஒரே கதையா, இரண்டா?

ரெண்டு அதிகாரத்தையும் அடுத்தடுத்து வெச்சு, படைப்பு வரிசையை மட்டும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் செடிகொடி, விலங்குகள், கடைசியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே. இரண்டாவதில் முதலில் மனிதன், அப்புறம் தோட்டம், விலங்குகள், கடைசியில் பெண்.

கடவுளின் பெயரும் மாறுது. பழைய தமிழ் பைபிளிலேயே தெரியும்: 2:3 வரை 'தேவன்', 2:4-லிருந்து அதிகாரம் முடியும்வரை 'தேவனாகிய கர்த்தர்'. 1753-ல் ழான் அஸ்த்ரூக் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைப் பிடித்துக்கொண்டு, மோசே பழைய ஆவணங்களைத் தொகுத்திருக்கிறார் என்றார். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர், வெவ்வேறு கைகள் எழுதிய இரு கதைகளைப் பின்னால் வந்தவர்கள் இணைத்தார்கள் என்கிறார்கள்.

"இல்லை, இரண்டாவது முதலாவதின் விளக்கம்தான்" என்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சிக்கல் 2:19. விலங்குகளை 'ஏற்கெனவே உருவாக்கியிருந்தார்' என்று சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் மாற்றிவிடும். ஆனா எபிரேயத்தில் அங்கே இருப்பது, 2:7-ல் மனிதனை உருவாக்கும்போது வரும் அதே வினை, அதே வடிவம். 'அடுத்து இது நடந்தது' என்று கதையை நகர்த்தும் வழக்கமான வடிவம் அது.

தொகுத்தவர்கள் இந்த முரணைக் கவனிக்காம விட்டதா எனக்குத் தோணலை. ஒரு கதை ஏழாம் நாள் ஓய்வில் முடியுது. இன்னொன்று மண்ணிலிருந்து வந்த மனிதனின் தனிமையைப் பேசுது. ஒன்றுக்காக மற்றதை அழிக்க அவர்களுக்கு மனசு வரலை போல.