குடியிருப்பவர்கள் இல்லாமல் வீடு மந்திரிக்க முடியுமா? மண்டைதீவின் புதுமனை ஆசீர்வாதம்

யாழ்ப்பாணம் பண்ணையிலிருந்து வேலணைப் பக்கம் போகும் பாதையில் மண்டைதீவுச் சந்தியில் இடதுபுறம் திரும்பினால், பற்றை மூடிய பழைய வளவுகளுக்கு நடுவே புதுச் சுவர்கள் எழும்பியிருப்பதைப் பார்க்கலாம். சில வீடுகள் தீவுக்குத் திரும்பி வந்தவர்களுடையவை. சிலவற்றுக்கான பணம் கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வந்தது. வேலை முடிந்ததும் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று முதலில் செய்வது, பங்குத்தந்தையிடம் போய் வீட்டை மந்திரித்துத் தரும்படி கேட்பதுதான். அப்போது அவர் கேட்கும் முதற்கேள்வி பலரைச் சற்றுத் தயங்க வைக்கும்: "யார் இருக்கப் போகிறீர்கள்?"

அந்தக் கேள்விக்குத் திருச்சபையின் சடங்கு நூலிலேயே காரணம் இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருத்தப்பட்டு 1984இல் வெளியான ஆசீர்வாத நூலில், புது வீட்டுக்கெனத் தனிச் சடங்கு ஒன்று உண்டு. அங்கு குடியிருக்கப் போகிறவர்கள் முன்னிலையில் இல்லாமல் புது வீட்டை ஆசீர்வதிக்கக் கூடாது என்று அதன் முன்னுரை சொல்கிறது. ஆசீர்வாதம் மனிதருக்கானது. அவர்கள் வாழும் இடம் என்பதால்தான் சுவரும் கூரையும் அதில் சேர்கின்றன.

பூட்டி வைப்பதற்காகக் கட்டப்படும் வீடுகள் உள்ள தீவில் இது சின்ன விதி அல்ல. ஓர் உதாரணம் பார்ப்போம். மூத்த மகன் கனடாவில் இருக்கிறார். வீட்டுக்குப் பணம் அனுப்பியவர் அவர். தாயும் தங்கையின் குடும்பமும் குடிபுகப் போகிறார்கள். மகன் வரமுடியாவிட்டாலும் சடங்குக்குத் தடையில்லை. அவர் கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டு சேர்ந்து செபிக்கலாம். ஆனால் தாயும் குருநகரில் வாடகை வீட்டிலேயே இருக்க, புது வீட்டுத் திறப்பு பக்கத்து வீட்டாரிடம் இருக்குமானால், குருவானவர் பொறுக்கச் சொல்வார். மகன் விடுமுறையில் வந்து குடும்பம் ஒன்றாகக் குடியேறும் நாளே சரியான நாள். கட்டடம் தொடங்கும்போது அத்திவாரத்தையும் வேலையாட்களையும் ஆசீர்வதிப்பதற்கு வேறொரு சடங்கு இருக்கிறது. அதற்குக் குடிபுகுதல் தேவையில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றென நினைத்துவிடுவதால்தான் பல இடங்களில் மனத்தாங்கல் வருகிறது.

வாசலில் தொடங்கும் சடங்கு

ஆயத்தம் எளிமையானது. முன் விறாந்தையிலோ பெரிய அறையிலோ ஒரு மேசை, அதன் மேல் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி, விவிலியம். தீர்த்தத்தை ஆலயத்திலிருந்து கொண்டு வருவார்கள். இல்லாவிட்டால் செம்பில் தண்ணீர் வைத்தால் குருவானவர் அங்கேயே மந்திரிப்பார். வாசகம் வாசிப்பவரையும் மன்றாட்டுச் சொல்பவர்களையும் முதல்நாளே தீர்மானித்துவிடுவது நல்லது. அந்த நேரத்தில் விவிலியத்தைப் புரட்டித் தேடுவதுதான் வழக்கமாக நடக்கும் குழப்பம்.

சிலுவை அடையாளத்துடன் சடங்கு தொடங்கும். குருவானவர் வீட்டுக்கும் அதில் வாழப்போகிறவர்களுக்கும் சமாதானம் வாழ்த்துவார். இயேசு சீடர்களை ஊர்களுக்கு அனுப்பும்போது, எந்த வீட்டில் நுழைந்தாலும் முதலில் சொல்லச் சொன்ன வாழ்த்து அது. லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வரும் அந்தப் பகுதியே பெரும்பாலும் வாசகமாகவும் அமையும்.

வேறு வாசகங்களையும் தேர்ந்தெடுக்கலாம். ஆபிரகாம் வழிப்போக்கர் மூவருக்கு விருந்து வைத்தது, மார்த்தா மரியாள் வீடு, சக்கேயுவின் வீடு, எம்மாவுக்குப் போன சீடர்கள் என நூலே சில பகுதிகளைத் தருகிறது. அவற்றுள் மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வரும் இரண்டே வசனங்கள் இந்தக் கரைக்கு நெருக்கமானவை. இயேசு சீமோனும் அந்திரேயாவும் வாழ்ந்த வீட்டுக்குப் போகிறார். சீமோனின் மாமி காய்ச்சலில் படுத்திருக்கிறார். அந்தச் சீமோன்தான் பேதுரு. மண்டைதீவு ஆலயம் அவர் பெயரில் இருக்கிறது. மீன்பிடிக்காரர் ஒருவரின் வீடு, கூடவே மாமியார், வீட்டில் ஒரு நோயாளி. கடற்றொழில் செய்யும் குடும்பத்துக்கு இதை விளக்கப் பிரசங்கம் அதிகம் தேவைப்படாது.

பிறகு மன்றாட்டுகள். இங்குதான் வீட்டார் தங்கள் சொந்த வார்த்தைகளைச் சேர்க்கிறார்கள். கட்டிய மேசன், தச்சர் பெயரில் ஒன்று, தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று. மண்டைதீவில் இந்தக் கடைசி மன்றாட்டு இலகுவானதல்ல. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுக்குள் வந்தபோது சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். பிடித்துச் செல்லப்பட்ட பலர் திரும்பி வரவில்லை. அவர்களது உடல்கள் தீவின் கிணறுகளில் போடப்பட்டதாக உறவினர்கள் இன்றும் சொல்கிறார்கள். அப்படி ஒருவரை இழந்த வீட்டில் அவரை இறந்தவராகச் சொல்வதா, காணாமல் ஆக்கப்பட்டவராகச் சொல்வதா என்பதைக் குடும்பம் முன்கூட்டியே பேசித் தீர்மானித்துக் குருவானவரிடம் சொல்லிவிட வேண்டும். தாய் இன்னும் காத்திருக்கும் வீட்டில், இறந்தோர் வரிசையில் மகனின் பெயர் தவறி வந்துவிட்டால் அந்த நாள் முழுவதும் உடைந்துபோகும். சொந்தங்களுக்குள் வெறும் பெயரை மட்டும் சொல்லி, மற்றதைக் கடவுளிடம் விடுவதும் உண்டு.

தீர்த்தம் எதற்கு

மன்றாட்டுக்குப் பின் ஆசீர்வாத செபம். அதன் பிறகுதான் தீர்த்தம். முதலில் கூடியிருப்பவர்கள் மேல், பிறகு வீட்டின் அறைகளில் தெளிக்கப்படும். வீட்டார் பாடிக்கொண்டு குருவானவரின் பின்னால் போவார்கள்: பெரிய அறை, படுக்கை அறைகள், குசினி, பிறகு பின்வளவு. கிணற்றடிக்கும் போகச் சொல்லி வயதானவர்கள் கேட்பதுண்டு. உவர்நீர் ஏறும் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு அறைகளைவிடப் பெரிய செல்வம். மேலே சொன்ன காரணத்தால் சில வளவுகளில் அந்தக் கேட்புக்கு இன்னொரு கனமும் இருக்கிறது.

தீர்த்தம் நினைவூட்டுவது ஞானஸ்நானத்தை. "மந்திரித்தல்" என்ற நம் பழைய சொல், கண்ணூறு கழிப்பது, தோஷம் நீக்குவது போன்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. மூலை பிழை, வாசல் பிழை என்று யாரோ சொன்னதற்குப் பரிகாரமாகத் தீர்த்தம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். சடங்கு நூலில் அப்படி ஒரு வரியும் கிடையாது. முதலில் ஆட்கள் மேல் தெளித்துவிட்டு அதன் பிறகு சுவருக்குப் போகும் அந்த வரிசையே இதன் பொருளைச் சொல்லிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தின் புரட்டஸ்தாந்துச் சபைகளிலும் வீட்டுக்கான ஆராதனை உண்டு. அங்கே வாசகமும் செபமும் பாட்டும் இருக்கும், தீர்த்தம் இராது.

பந்தி

சடங்கு முடிய அரை மணித்தியாலம் போதும். மீதி நேரம் குசினிக்குரியது. சைவ அயலவர்களைப்போலக் கத்தோலிக்க வீடுகளிலும் புது அடுப்பில் முதலில் பால் காய்ச்சுகிறார்கள். சிலர் சடங்குக்கு முன், சிலர் பின். திருச்சபை அதைக் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று நாள்: தவக்காலத்திலோ வெள்ளிக்கிழமையிலோ வைத்தால் இறைச்சி இல்லை, மீனும் இறாலும் நண்டும் பந்தியை நிறைக்கும். மற்றது அயல்: சைவ வீட்டார் வருவார்கள் என்பதால் மரக்கறிச் சமையலைத் தனிப் பாத்திரங்களில், மீன் சட்டி அடுப்பில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுவார்கள். மேசனையும் தச்சரையும் முதற்பந்தியில் இருத்தி, வேட்டியோ சேலையோ கொடுத்து அனுப்புவது மரியாதை.

அன்றிரவு யாராவது அந்த வீட்டில் படுக்க வேண்டும் என்பது பெரியவர்களின் எண்ணம். அது சடங்கு நூலில் இல்லை. ஆனால் காலையில் குருவானவர் கேட்ட கேள்விக்கு வீட்டார் கொடுக்கும் பதில் அதுதான்.