மங்கிய எழுத்தும் மறைக்காத ஐயமும்

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1837 சூலை முதல் நாள் தொடங்கி, பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் அரசே பதியத் தலைப்பட்டது. ஆங்கிலிக்கக் குருக்கள் தம் ஆலயத் திருமணங்களை ஏட்டில் எழுதி, காலாண்டுக்கு ஒருமுறை அவற்றின் படியை வட்டாரப் பதிவாளருக்கு அனுப்பினர். அப்படிகள் இலண்டன் தலைமை அலுவலகத்தை அடைந்தபின், அங்கிருந்த எழுத்தர்கள் அகரவரிசையில் பெயரடைவு எழுதினர். கத்தோலிக்க ஆலயத்தில் நடந்த திருமணத்திற்கோ, 1898ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அரசின் பதிவாளரே நேரில் வந்திருக்க வேண்டும். பஞ்சத்திற்குத் தப்பி லிவர்பூலில் கரையிறங்கிய ஐரிஷ் ஏழைகளின் மணங்களும் அவ்வழியே இந்த அடைவில் இடம்பெற்றன.

அடைவின் ஒவ்வொரு வரியிலும் குடும்பப் பெயர், இயற்பெயர், வட்டாரம், தொகுதி எண், பக்க எண் ஆகியவை மட்டுமே உண்டு. மணமகன் ஓரிடத்திலும் மணமகள் வேறோரிடத்திலும் அவரவர் அகரவரிசைப்படி நிற்பர். துணைவரின் குடும்பப் பெயரை அருகே குறிக்கும் வழக்கம் 1912இல்தான் வந்தது. அதற்கு முந்திய இணையரைச் சேர்த்துப் பார்க்க ஒரே வழி, இருவர்க்கும் காலாண்டும் வட்டாரமும் தொகுதியும் பக்கமும் ஒன்றாக இருப்பதைக் காண்பதே. 1852க்குப் பின் ஒரு பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு திருமணங்களே இருந்தமையால், நான்கு பெயர்களுக்குள் தேடல் முடிந்துவிடும். பக்க எண்ணில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் கணவனும் மனைவியும் பிரிந்தே போவர்.

தொடக்க ஆண்டுகளின் அடைவுகள் கையால் எழுதப்பட்டவை. அவற்றைப் படமெடுத்து, அப்படத்திற்கும் படியெடுத்தபோது மை மேலும் மங்கிற்று. 1998இல் தொடங்கிய ஃப்ரீபிஎம்டி என்னும் முயற்சியில், தன்னார்வலர் பலர் இவ்வரிகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கினர். கண்ணில் படுவதையே எழுது என்பது அவர்களுடைய முதல் விதி. எழுத்தர் ஒரு பெயரைப் பிழையாக எழுதியிருந்தாலும், அது தெளிவாகத் தெரிந்தால் அப்படியே எழுத வேண்டும். தெளிவற்றதற்குத் தனிக் குறிகள் உண்டு.

எடுத்துக்காட்டாக ஒரு வரியைக் கற்பனை செய்வோம். 1856 சூன் காலாண்டு, லிவர்பூல், தொகுதி 8b. மணமகனின் பக்க எண்ணில் முதலும் கடையும் தெளிவு. நடுவிலுள்ளது 1 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். எழுதுபவர் 317 என்று ஊகித்து எழுதிவிட்டால், அந்த எண்ணைப் பார்ப்பவர்க்கு ஐயம் எழவே வழியில்லை. 377ஆம் பக்கத்தில் தெளிவாக நிற்கும் மணமகளைத் தேடி வரும் கொள்ளுப்பேரன், இணையான ஆண் பெயர் காணாமல் திரும்புவான். அல்லது 317க்குரிய வேறொரு பெண்ணைத் தன் மூதாட்டியென்று குடும்ப மரத்தில் சேர்ப்பான். சான்றிதழுக்குக் கட்டணம் செலுத்தி அது கைக்கு வரும்போதுதான் குட்டு வெளிப்படும். விதியறிந்தவர் இப்படி எழுதுவார்:

```
Liverpool  8b  3[17]7
```

சதுர அடைப்புக்குள் இருப்பவற்றுள் ஒன்றே உண்மை, வேறில்லை என்பது இதன் பொருள். `[7_]` என்றால், 7 போலத் தெரிகிறது, ஆனால் வேறாகவும் இருக்கலாம். `_` என்னும் அடிக்கோடு தனியே நின்றால், ஓர் எழுத்து உண்டு, அது இன்னதென்று தெரியவில்லை. எத்தனை எழுத்துகள் என்பதே தெரியாதபோது `*` இடுவர். இவற்றுள் எதை இடுவது என்பதில்தான் படியெடுப்பவரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. இரண்டாகக் குறுக்கக்கூடிய இடத்தில் சோம்பலால் உடுக்குறி இட்டால், தான் கண்டதையும் மறைத்தவராகிறார். அத்தகைய குறி நிறைந்த பக்கம் தேடுவோர்க்குப் பயன்படாது.

இம்மரபு கணினியோடு பிறந்ததன்று. பாப்பிரஸ் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் பதிப்பிக்கும் அறிஞர்கள் 1931இல் லெய்டன் நகரில் கூடி, ஐயமான எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைப்பதென்று இசைந்தனர். நம் மறைநூலின் பழம் துண்டுகளை அச்சில் காண்போர், கிரேக்க எழுத்துகளின் கீழே அப்புள்ளிகளைக் காணலாம்.

லிவர்பூல் வரிக்குத் திரும்புவோம். சுற்றுச்சூழல் துணைசெய்யும் இடங்களும் உண்டு. 1852 முதல் லிவர்பூலுக்குரிய தொகுதி 8b ஆதலின், அந்த b மங்கி h போலத் தோன்றினாலும் தவறு எளிதில் பிடிபடும். குடும்பப் பெயருக்கு மேல் வரியும் கீழ் வரியும் வேலியாக நிற்கும். பக்க எண்ணுக்கோ அத்தகைய காவல் மிகக் குறைவு. ஆகவே பெயரைவிட எண்ணிலேயே அடைப்புக்குறி மிகுதியாகத் தேவைப்படுகிறது. அவசரக்காரர் அதைத் தவிர்ப்பதும் அங்கேதான். ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே படியெடுக்கும்போது, ஒருவர் 317 என்றும் மற்றவர் `3[17]7` என்றும் எழுதியிருந்தால், மூலப் படத்தை மீண்டும் எடுத்துப் பார்க்க அதுவே போதிய காரணம்.