பணியிடத் துன்புறுத்தல் பதிவேடு

பணியிடத் துன்புறுத்தல் பதிவேடு என்பது, வேலை செய்யும் இடத்தில் தனக்குத் திரும்பத் திரும்ப நேரும் அவமதிப்பு, மிரட்டல், ஓரங்கட்டல் ஆகியவற்றை ஒருவர் நாள், நேரம், இடத்தோடு எழுதி வைக்கும் குறிப்பேடு. மனப்பாரத்தை இறக்கி வைக்கும் நாட்குறிப்பு வேறு, இது வேறு. நாட்குறிப்பை எழுதியவர் மட்டுமே படிப்பார். பதிவேட்டை ஒருநாள் மனிதவளத் துறையினரும், விசாரணைக் குழுவினரும், புகாருக்கு உள்ளானவரும் படிக்க நேரிடும். எதை எழுதுவது, எதை விடுவது என்ற கேள்விக்கு இந்த வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது.

தனித்தனியாகப் பார்த்தால் இந்த வகைத் துன்புறுத்தலின் ஒவ்வொரு சம்பவமும் சின்னதாகத் தெரியும். “ஒரு நாள் கோபத்தில் கத்திவிட்டார், இதைப் போய்ப் பெரிதாக்கலாமா?” என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். சுவீடனில் 1980-களில் இதை முறையாக ஆராய்ந்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமான், வாரம் ஒரு முறையாவது, குறைந்தது ஆறு மாதம் தொடரும் நடத்தையையே இந்தப் பெயரால் குறித்தார். அந்த அளவுகோல் மிகக் கடுமையானது என்ற வாதம் உண்டு. ஆனாலும் தொடர்ச்சிதான் இதன் அடையாளம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தொடர்ச்சியை நினைவிலிருந்து காட்ட முடியாது. மூன்று மாதம் கழித்துக் கேட்டால், “எப்பவும் இப்படித்தான் சார், தினமும் டார்ச்சர்” என்றுதான் வாயில் வரும். அந்த ஒரு வாக்கியத்தைக் குறுக்கு விசாரணையில் உடைப்பது எளிது. புகாருக்கு உள்ளானவர் விடுப்பில் இருந்த ஒரே ஒரு நாளைக் காட்டினால் போதும்.

ஒரு பதிவின் அமைப்பு

நல்ல பதிவு ஆறேழு வரிக்கு மேல் போகாது. சம்பவம் நடந்த நாள், கிழமை, நேரம், இடம், உடன் இருந்தவர்கள், சொன்ன சொல் அல்லது செய்த செயல், எழுதுபவர் அப்போது சொன்ன பதில், அதனால் வேலையில் ஏற்பட்ட விளைவு ஆகியவை அதில் இருக்கும். கடைசியில், அந்தக் குறிப்பை எழுதிய நாளும் நேரமும் தனியாக வர வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். சம்பவ நேரத்துக்கும் எழுதிய நேரத்துக்கும் இடைவெளி குறையக் குறையக் குறிப்பின் மதிப்பு கூடும். மூன்று நாள் கழித்து எழுதினால் அதையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும்.

திருப்பூர் பக்கத்து ஏற்றுமதி ஆடை அலுவலகம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே மெர்ச்சண்டைசராக இருக்கும் பெண் ஒருவர் முதலில் இப்படி எழுதுகிறார்: “இன்றும் மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைக் கேவலப்படுத்தினார். என்னை வேலையை விட்டுத் துரத்தத் திட்டம் போடுகிறார். அவர் ஒரு சைக்கோ.” இந்த மூன்று வாக்கியங்களில் சரிபார்க்கக்கூடிய செய்தி ஒன்றுகூட இல்லை. என்ன சொல் என்று தெரியவில்லை, “எல்லார்” யார் என்று தெரியவில்லை. திட்டம் என்பது ஊகம், கடைசிச் சொல் வசை.

அதே சம்பவம் பதிவேட்டு முறையில்: “2024 மார்ச் 4, திங்கள், காலை 9.40. பேக்கிங் பிரிவு, இரண்டாவது மேசை அருகே. உடன் இருந்தவர்கள்: பேக்கிங் மேற்பார்வையாளர், தரப் பரிசோதகர் இருவர். மேனேஜர் சாம்பிள் பையை மேசையில் எறிந்து, ‘உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, இல்ல சோறு திங்க மட்டும்தான் வர்றியா’ என்றார். அளவு அட்டையில் பிழை இருந்தது உண்மை; தைப்புப் பிரிவு அனுப்பிய அளவை நான் சரிபார்க்கவில்லை. ‘மாற்றித் தருகிறேன் சார்’ என்றேன். 11.15-க்குத் திருத்திய அட்டை கொடுத்தேன். எழுதியது: அன்று மதியம் 1.10, சொந்த நோட்டில்.”

தன் பிழையை அவர் மறைக்கவில்லை. அதனால்தான் மற்ற வரிகளும் நம்பும்படி இருக்கின்றன. எதிர்த் தரப்பு அந்தப் பிழையை எப்படியும் எடுத்து வைக்கும். பதிவேட்டில் முன்பே இருந்தால் அது திடீரென்று வெளிவரும் செய்தியாக இருக்காது. பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றாமல், வாயிலிருந்து வந்தபடியே எழுதியிருப்பதும் முக்கியம். “தகாத சொற்களால் திட்டினார்” என்று நாகரிகம் பார்த்து எழுதினால் எந்தச் சொல் என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும். சொல் சரியாக நினைவில்லை என்றால் மேற்கோள் குறி போடாமல், “இந்தப் பொருள்படச் சொன்னார்” என்று எழுதலாம்.

பதினொரு வாரத்தில் அவரிடம் ஒன்பது பதிவுகள் சேர்ந்தன. வரிசைப்படுத்தியபோது, ஆறு பதிவுகள் திங்கட்கிழமை உற்பத்திக் கூட்டத்தை ஒட்டியே வந்திருப்பது தெரிந்தது. பையருடன் நடந்த கூட்டங்களுக்கு அவருக்கு மட்டும் அழைப்பு வராமல் போனவை இரண்டு. ஒன்பதாவது, விடுப்பு மறுத்தது. அந்த வாரம் ஷிப்மென்ட் இருந்ததால் பிரிவில் யாருக்குமே விடுப்பு கொடுக்கவில்லை என்று அவரே எழுதி வைத்திருந்தார். ஆகவே புகாரில் அதைச் சேர்க்கவில்லை. புகார் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதைப் பதிவேடு முதலில் எழுதியவருக்கே காட்டிவிடுகிறது. எல்லாருக்கும் பொதுவான கெடுபிடியும் தன்னைக் குறிவைத்த நடத்தையும் ஒன்றல்ல. ஒவ்வொரு பதிவிலும், “இதே நிலையில் மற்றவர்களை எப்படி நடத்தினார்?” என்ற கேள்விக்கு ஒரு வரி பதில் இருந்தால் இந்த வேறுபாடு தானே தெளிவாகும்.

விட வேண்டியவை

முதலில் விட வேண்டியது உள்நோக்கம் பற்றிய ஊகம். “பொறாமையால் செய்கிறார்” என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்தவர் எவரும் இல்லை. அவர் வாயாலேயே ஏதாவது சொல்லியிருந்தால் அந்தச் சொல்லை எழுதலாம், முடிவைப் படிப்பவரிடம் விட்டுவிடலாம். “சைக்கோ” போன்ற பட்டங்களும், “எப்பவும்”, “ஒருநாள்கூட” போன்ற சொற்களும் அப்படியே விலக்க வேண்டியவை. பிறர் சொல்லிக் கேட்டது வந்தால், யார், எந்த நாளில் சொன்னார் என்று தெளிவாகப் பிரித்து எழுத வேண்டும்.

வருத்தத்தை எழுதக் கூடாதா என்று கேட்கலாம். எழுதலாம், நடந்த செய்தியாக. “மனம் நொறுங்கியது” என்பதைவிட, “இரவு 2 மணி வரை தூக்கம் இல்லை; மறுநாள் மருத்துவரைப் பார்த்தேன், சீட்டு இருக்கிறது” என்பது பயன்படும். மற்றதை வேறொரு நோட்டில் தாராளமாகக் கொட்டலாம். இரண்டும் ஒரே நோட்டில் கலக்கக் கூடாது.

சக ஊழியர்களின் சொந்த விஷயங்களுக்கும், புகாருக்கு உள்ளானவரின் குடும்பக் கதைகளுக்கும் இதில் இடமில்லை. நிறுவனத்தின் விலைப் பட்டியல், பையர் விவரம் போன்ற ரகசியங்களும் வரக் கூடாது. சான்று என்று நினைத்து அலுவலக மின்னஞ்சல்களைச் சொந்தக் கணக்குக்கு அனுப்பி, நிறுவன விதியை மீறிய குற்றத்துக்குத் தாமே ஆளாகும் நிலை வரக்கூடும். மின்னஞ்சலின் நாள், நேரம், பொருள் வரி, அனுப்பியவர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் விசாரணையில் அதை நிறுவனத்திடமே கேட்டுப் பெறலாம்.

எழுதும் இடம்

பக்க எண் இட்ட, தைத்த நோட்டு இதற்குப் பொருத்தம். தாளை உருவினால் தெரிந்துவிடும். பிழையை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது. பிற்பாடு அழகாகப் படியெடுத்தால், கறையோடு கசங்கிய முதல் நோட்டுதான் மூலம். அதைத் தூக்கிப் போடக் கூடாது. கணினியில் எழுதுபவர்கள் அலுவலகக் கணினியைத் தவிர்த்து, சொந்த மின்னஞ்சலிலிருந்து தமக்கே அன்றன்று அனுப்பிக்கொண்டால் தேதி தானே பதியும். வாட்ஸ்அப் செய்தி என்றால் திரைப்பிடிப்பு மட்டும் போதாது. அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும், செய்தி வந்த தொலைபேசியும் கையில் இருக்க வேண்டும்.

சட்டத்தின் முன்

பொதுவான பணியிடத் துன்புறுத்தலுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. பெரும்பாலும் நிறுவனத்தின் நடத்தை விதிகளின் கீழ்தான் புகார் போகிறது. நடத்தை பாலியல் சார்ந்ததாக இருந்தால், பெண்களுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள், தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். கடைசிச் சம்பவத்தின் தேதி எது என்பதை நினைவை நம்பிச் சொல்வது ஆபத்து. புகாரின் ஒரு படி எதிர்த் தரப்புக்கும் போகும் என்பதால், வசையும் ஊகமும் இல்லாத எழுத்து இங்கே இரட்டிப்பாகப் பயன்படும்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தண்டிக்கும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் அது நடந்ததா என்பது வழக்கின் உயிர்நாடி. மூடிய அறையா, பேக்கிங் மேசை அருகிலா, யார் காதில் விழுந்தது என்ற வரிகள் பதிவில் இல்லையென்றால் உண்மையான புகாரும் தள்ளாடும். சொன்ன சாதிப் பெயரையும் சொல்லையும் அப்படியே எழுத வேண்டும்.

நீதிமன்றத்தில் சாட்சி தன் நினைவைப் புதுப்பித்துக்கொள்ள, சம்பவ நேரத்திலோ, நினைவு பசுமையாக இருக்கும் அளவுக்கு விரைவிலோ தானே எழுதிய குறிப்பைப் பார்க்கலாம். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த வழி, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. அப்படிப் பார்த்த குறிப்பை எதிர்த் தரப்பும் கேட்டு வாங்கிப் படிக்கலாம், அதன்மேல் கேள்வி கேட்கலாம்.

புகார் கொடுக்கும்போது நோட்டைக் கையில் கொடுத்துவிடக் கூடாது. சம்பவங்களைத் தேதி வாரியாகத் தொகுத்த ஒரு பக்கச் சுருக்கத்தையும், தேவையான பக்கங்களின் நகலையும் கொடுத்து, பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும் தேதியும் வாங்க வேண்டும். யாரிடம், எந்த நாளில், எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்பது பதிவேட்டின் அடுத்த பதிவு.