போனஸுக்குத் தனி வரியா?

அமெரிக்காவுல வேலை பார்க்கிற நம்ம மக்கள்கிட்ட வருஷா வருஷம் கேட்கிற புலம்பல் ஒண்ணு உண்டு. "போனஸுக்கு மட்டும் டேக்ஸ் ரேட் ஜாஸ்திப்பா, மூணுல ஒரு பங்கு போயிடுச்சு." உண்மையில போனஸுக்குன்னு தனி வரி கிடையாது. வருஷ முடிவில் கொடுக்கிற டபிள்யூ-2 படிவத்தில் சம்பளமும் போனஸும் ஒரே கட்டத்துல ஒரே எண்ணாத்தான் இருக்கும். தனியா இருப்பது பிடித்தம் மட்டுமே. அது ஏன் தனியாச்சுங்கறது ஒரு குட்டிக் கதை.

1943-க்கு முன்னாடி அங்கே வருமான வரியை அடுத்த வருஷம்தான் தவணையா கட்டுவாங்க. போர்ச் செலவு ஏறினதும் அந்த வருஷம் ஜூலை முதல் சம்பளத்திலேயே பிடிக்க ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு சம்பளமும் வருஷம் முழுக்க அப்படியே வரும்னு வச்சுக்கிட்டு அட்டவணை போட்டாங்க. 1944-ல் இதையே ஆரம்பிச்ச பிரிட்டன், ஏப்ரலில் இருந்து வந்த மொத்தத்தைக் கூட்டிக் கணக்கு பார்த்தது. அதனால ஒரு மாசம் கூடப் பிடிச்சா அடுத்த மாசங்களில் தானா சரியாகும். அமெரிக்க முறைக்கு அந்த ஞாபகசக்தி இல்லை. ஒவ்வொரு சம்பள நாளும் அதுக்குப் புதுசு.

இதுக்குள்ள ஒரு போனஸைப் போட்டா என்ன ஆகும்? 2024 கணக்கையே பார்ப்போம். கல்யாணம் ஆகாதவர், வருஷத்துக்கு 78,000 டாலர், ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை 3,000. வழக்கமா பிடிக்கிற மத்திய வருமான வரி 346 டாலர். ஒரு தடவை 10,000 போனஸும் சேர்ந்து 13,000 வருது. இதை 26-ஆல் பெருக்கி, "ஆஹா, இவர் 3,38,000 சம்பாதிக்கிறவர்"னு அட்டவணை முடிவு பண்ணி, 35 சதவீதப் படி வரைக்கும் ஏத்திடும். போனஸுக்கு மட்டும் 2,868 டாலர் காலி.

இன்னொரு வழி, போனஸைத் தனியாக் காட்டி நேரா 22 சதவீதம் பிடிக்கிறது. அப்போ 2,200. இவருடைய வருஷ வருமானத்தில் அந்த 10,000-மும் 22 சதவீதப் படியில்தான் விழுது. அதாவது நிஜ வரியும் அதே 2,200. முதல் வழியில் கூடப் போன 668 டாலர், அடுத்த வருஷம் ரீஃபண்டா திரும்பி வரும், வட்டி இல்லாம. எந்த வழிங்கறது கம்பெனி இஷ்டம். பே ஸ்லிப்பில் மத்திய வரியை போனஸால் வகுத்துப் பாருங்க, சரியா 0.22 வந்தா தனி ரேட்.

அப்போ தனி ரேட்தான் நல்லதுன்னு நினைக்காதீங்க. இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 2 லட்சம் சம்பளத்துக்கு மேல 50,000 போனஸ் வாங்கினவருக்குப் பிடிச்சது 11,000. அந்தப் பணத்துக்கு நிஜ வரி 15,476. கைக்கு வந்ததைச் செலவு பண்ணிட்டு உட்கார்ந்திருப்பார், ஏப்ரலில் 4,476 டாலர் பாக்கின்னு நிக்கும். நிலைமையைப் பொறுத்து அபராதமும் சேரலாம்.

இந்த ஓட்டை அரசாங்கத்துக்கும் தெரியும். பழைய தனி ரேட் 20 சதவீதம். 1993 சட்டம் அதை 1994 முதல் 28 ஆக்கிச்சு. அதனால யாருடைய போனஸுக்கும் வருஷ வரி ஒரு காசு கூடலை, ஏப்ரலில் வர வேண்டிய பணம் முன்கூட்டியே கஜானாவுக்கு வந்தது. அவ்வளவுதான். 2003-ல் அது 25 ஆச்சு. அப்போ உச்ச வரி 35 சதவீதம். கோடிகளில் போனஸ் வாங்குற பெரிய முதலாளிக்கும் 25 தான் பிடிச்சாங்க. 2004-ல் சட்டம் போட்டு, 2005 முதல் வருஷத்துக்கு 10 லட்சம் டாலரைத் தாண்டுற போனஸுக்கு உச்ச ரேட்தான், கம்பெனி தேர்ந்தெடுக்க முடியாதுன்னு கட்டினாங்க. 2018-ல் 22, 37 என்று மாறினதை 2025 சட்டம் நிரந்தரமாக்கிடுச்சு.

ஆக, 10 லட்சத்துக்கு மேல ஓட்டையை அடைச்சாச்சு. நடுவுல, 22-ஐத் தாண்டின படியில் இருக்கிற சம்பளக்காரர் தன் பாக்கியைத் தானேதான் கணக்கு போட்டு வச்சுக்கணும்.

பி.கு.: சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் ரெண்டு வழியிலயும் ஒண்ணுதான், அதனால அதைச் சேர்க்கலை. மாநில வரியையும் விட்டுட்டேன்.