மீதிக்கு அடங்காத வளையம்

தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. கணிதம் படித்தவர்களில் பலர் ஹெர்ஸ்டைனின் ‘டாபிக்ஸ் இன் ஆல்ஜீப்ரா’வைத் தொடாமல் பட்டம் வாங்கியிருக்க மாட்டார்கள். 1964இல் வந்த புத்தகம். யூக்ளிடிய வளையம் ஒவ்வொன்றிலும் எந்த ஐடியலும் ஒரே ஓர் உறுப்பின் மடங்குகளாகவே இருக்கும் என்று நிரூபித்த கையோடு, இதன் மறுதலை உண்மையல்ல என்று ஹெர்ஸ்டைன் சொல்கிறார். மோட்ஸ்கின் என்பவரின் 1949ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். உதாரணம் அங்கே கிடையாது. ஏனாத்தூரில் படித்தாலும் கும்பகோணத்தில் படித்தாலும், ‘எல்லா யூக்ளிடியனும் பி.ஐ.டி., எல்லா பி.ஐ.டி.யும் யூக்ளிடியன் அல்ல’ என்ற வரி பரீட்சைக்கு மனப்பாடம் ஆகிவிடும். அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் வளையத்தை நேரில் பார்த்தவர்கள் குறைவு. பார்க்க முடியாத அளவுக்கு அது கடினமானதும் அல்ல.

பத்தாம் வகுப்பிலேயே யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை வந்துவிடுகிறது. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி வேண்டுமென்றால், பெரியதைச் சிறியதால் வகுக்கிறோம், மீதியை எடுத்துக்கொள்கிறோம், பழைய வகுத்தியை அந்த மீதியால் வகுக்கிறோம். மீதி ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே வருவதால் எங்காவது நின்றே ஆகவேண்டும். ஆரியபட்டர் கி.பி. 499இல் சொன்ன, குட்டகம் என்று பெயர்பெற்ற கணக்கின் உயிரும் இதுதான். ஒரு வளையத்தை யூக்ளிடியன் என்று அழைக்க வேண்டுமானால், அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் ‘அளவு’ கொடுத்து, எதை எதால் வகுத்தாலும் மீதி சுழியாகவோ வகுத்தியைவிட அளவில் சிறியதாகவோ இருக்கும்படி செய்ய முடியவேண்டும். எந்த அளவு என்பது நம் விருப்பம். கதையின் சிக்கல் முழுவதும் இந்த ‘நம் விருப்பம்’ என்பதில்தான் இருக்கிறது.

நம் வளையத்துக்கு வருவோம். θ = (1+√−19)/2 என்று வைத்துக்கொண்டு, முழு எண்கள் a, b எடுத்து a + bθ என்று எழுதக்கூடிய எண்களையெல்லாம் சேர்த்தால் அது கிடைக்கிறது. இதில் θ² = θ − 5. ஒவ்வோர் உறுப்புக்கும் நார்ம் என்று ஒரு முழு எண் உண்டு: N = a² + ab + 5b². இரண்டு உறுப்புகளைப் பெருக்கினால் அவற்றின் நார்ம்களும் பெருகும்.

தளத்தில் இதன் புள்ளிகளைக் குறித்தால் இடுக்குப்புள்ளிக் கோலம் மாதிரி இருக்கும். ஒரு வரிசையில் புள்ளிக்குப் புள்ளி தூரம் 1. அடுத்த வரிசை அரைப் புள்ளி தள்ளி, √19/2 உயரத்தில், அதாவது சுமார் 2.18 உயரத்தில் இருக்கும். நார்மையே அளவாக வைத்து வகுக்க வேண்டுமென்றால், வகுத்து வரும் பின்னம் தளத்தில் எங்கே விழுந்தாலும் அதிலிருந்து 1க்கும் குறைவான தூரத்தில் ஒரு கோலப்புள்ளி இருக்கவேண்டும். பின்னம் ஒரு வரிசையிலிருந்து 0.866க்குள் இருந்தால் கவலையில்லை: பக்கவாட்டில் அரைக்குள் ஒரு புள்ளி நிச்சயம் உண்டு, மொத்தத் தூரம் 1ஐத் தொடாது. 19க்குப் பதில் 11 இருந்தால் வரிசை இடைவெளி 1.66, அதில் பாதி 0.83. எல்லா இடமும் அடங்கிவிடும். 19இலோ பாதி 1.09. வரிசைகளுக்கு நடுவே ஒரு பட்டை எந்தப் புள்ளிக்கும் எட்டாமல் நிற்கிறது.

θவை 2ஆல் வகுத்துப் பாருங்கள். 2இன் நார்ம் 4. மீதியின் நார்ம் 4க்குக் கீழே இருக்கவேண்டும். ஆனால் θ − 2q என்று எப்படிக் கழித்தாலும் θவின் கெழு ஒற்றைப்படையாகவே நிற்கும், சுழியாகாது. அப்படிப்பட்ட உறுப்பின் நார்ம் 5க்குக் கீழே இறங்கவே இறங்காது. முதல் படியிலேயே வழிமுறை நின்றுவிட்டது.

ஆனாலும் இந்த வளையத்தில் காரணிப்படுத்தல் ஒரே ஒரு விதமாகத்தான் நடக்கிறது. இதை வகுப்பு எண் 1 என்பார்கள். ஆய்லர் காலத்திலிருந்தே இதன் அடையாளம் ஒன்று கண்ணில் பட்டபடி இருந்தது. n² + n + 5இல் n-க்கு 0 முதல் 3 வரை போட்டால் 5, 7, 11, 17 என்று எல்லாமே பகா எண்கள். ஆய்லரின் புகழ்பெற்ற n² + n + 41க்கு இது தம்பி, அண்ணனின் எண் 163. இப்படி வகுப்பு எண் 1 வரும் கற்பனை இருபடிக் களங்கள் ஒன்பதே ஒன்பது: 1, 2, 3, 7, 11, 19, 43, 67, 163. காஸ் 1801இல் எழுப்பிய ஊகத்திலிருந்து வந்த பட்டியல் இது. 1952இல் ஹீக்னர் கொடுத்த நிரூபணத்தை அன்று யாரும் ஏற்கவில்லை, 1960களின் பிற்பகுதியில் பேக்கரும் ஸ்டார்க்கும் தனித்தனியே முடித்துவைத்தார்கள். முதல் ஐந்தில் நார்ம் போதும். பின் நான்கில் போதாது.

யூக்ளிட் தோற்ற இடத்தில் காரணிப்படுத்தல் எப்படிப் பிழைக்கிறது? 1928இல் ஹெல்முட் ஹாஸே விதியைச் சற்றே தளர்த்தினார். aவை bயால் வகுக்க முடியாவிட்டால், முதலில் aவை ஏதாவது ஓர் s-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். பிறகு sa − tb என்பது சுழியாகாமல் bயைவிட நார்மில் சிறுத்தால் போதும். ஏன் போதும் என்றால், ஓர் ஐடியலில் சுழியல்லாத உறுப்புகளில் மிகச் சிறிய நார்ம் கொண்டது b என்று வையுங்கள். bயால் வகுபடாத a ஒன்று அதே ஐடியலில் இருந்தால், sa − tbயும் அங்கேதான் இருக்கும், அது bயைவிடச் சிறியது. முரண்பாடு. ஆகவே ஐடியல் முழுவதும் bயின் மடங்குகள்தான்.

இனி எட்டாத பட்டைக்குத் திரும்புவோம். அது வரிசையிலிருந்து 0.866 முதல் 1.31 வரையான உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதிலுள்ள பின்னத்தை இரட்டித்தால் உயரம் 1.73க்கும் 2.63க்கும் இடையே போய் விழும். அடுத்த வரிசை 2.18இல் இருப்பதால் விலகல் 0.45ஐத் தாண்டாது. s = 2 என்று பெருக்கியதிலேயே பட்டை முழுவதும் எட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டது. ஒரே ஓர் உறுத்தல்: இரட்டித்த பின்னம் சரியாகக் கோலப்புள்ளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டால் மீதி சுழியாகிவிடும், அது செல்லாது. θ/2 அப்படிப்பட்ட பின்னம்தான். அங்கே 2க்குப் பதிலாக θவின் இணை, அதாவது 1 − θ, உதவுகிறது. θ(1 − θ) = 5. அதிலிருந்து 2 × 2ஐக் கழித்தால் 1. யூக்ளிட் முதல் படியிலேயே கைவிட்ட θவுக்கும் 2க்கும் பொது வகுத்தி 1 என்று ஒரே வரியில் தெரிந்துவிட்டது. பட்டையில் இதுபோல உட்காரும் மற்றப் பின்னங்களுக்கும் இணையால் பெருக்கும் இதே வழி போதும். ஆக, வளையம் பி.ஐ.டி.

இதுவரை தோற்றது நார்ம் மட்டுமே. வேறு ஏதாவது விசித்திரமான அளவு வேலை செய்யாதா? எண்ணற்ற சார்புகள் இருக்கும்போது ஒன்றுகூட ஒத்துவராது என்று எப்படிச் சொல்வது? இதற்குப் பதில் சொன்னவர் தியோடர் மோட்ஸ்கின், 1908இல் பெர்லினில் பிறந்தவர். அவருடைய அப்பா லியோ மோட்ஸ்கினும் கணிதம் படித்தவர், பிறகு சியோனிச அரசியலுக்குப் போய்விட்டார். மகன் பேசலில் முனைவர் பட்டம் வாங்கி, ஜெருசலேமில் வேலை பார்த்து, 1948இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கணிதக் கழகத்தின் புல்லட்டினில் அந்தக் கட்டுரை வந்தது, ஐந்தே பக்கம்.

அவர் சார்புகளைத் தேடவில்லை, வளையத்தை அடுக்கடுக்காகப் பிரித்தார். அடியில் சுழி. அடுத்த அடுக்கில் யூனிட்டுகள், அதாவது 1ஐ வகுக்கும் உறுப்புகள். அதற்கு மேல், எதை வகுத்தாலும் கீழ் அடுக்குகளில் ஒரு மீதியாவது கிடைக்கும்படியான உறுப்புகள். இப்படியே மேலே போகவேண்டும். எல்லா உறுப்புகளும் ஏதோ ஓர் அடுக்கில் வந்துவிட்டால் வளையம் யூக்ளிடியன். விடுபட்டால் எந்தச் சார்பாலும் காப்பாற்ற முடியாது. சாதாரண முழு எண்களில் ±1, பிறகு ±2, ±3, பிறகு ±4 முதல் ±7 வரை என்று அடுக்குகள் ஏறுகின்றன. எண்ணை இரும முறையில் எழுதினால் எத்தனை இலக்கமோ, சுழிக்கு மேல் அத்தனையாவது அடுக்கு.

19இன் வளையத்தில் யூனிட்டுகள் 1, −1 இரண்டு மட்டுமே. மூன்றாம் அடுக்கில் u என்று ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதை uவால் வகுத்தாலும் மீதி 0, 1, −1 இவற்றில் ஒன்று. முதலில் 2ஐ வகுத்துப் பாருங்கள்: u என்பது 2ஐயோ 1ஐயோ 3ஐயோ வகுக்கவேண்டும். u யூனிட் அல்ல என்பதால் 1 கழிந்தது. 2, 3 இரண்டுமே இந்த வளையத்தில் மேலும் உடையாதவை, ஏனென்றால் உடைய வேண்டுமென்றால் நார்ம் 2 அல்லது 3 கொண்ட உறுப்பு வேண்டும், அப்படி எதுவும் இல்லை. எனவே u என்பது ±2 அல்லது ±3, அதன் நார்ம் 4 அல்லது 9. இப்போது θவை வகுங்கள்: u என்பது θ, θ − 1, θ + 1 இவற்றில் ஒன்றை வகுத்தாகவேண்டும். அவற்றின் நார்ம்கள் 5, 5, 7. இவற்றில் எதையும் 4உம் வகுக்காது, 9உம் வகுக்காது. கதை முடிந்தது. மூன்றாம் அடுக்கு காலி.

ஹாஸேயின் பகுதியைவிட இது சுலபம் என்பது எனக்கு இன்றும் வியப்பு. ‘இருக்கிறது’ என்று காட்டத்தான் தளமும் பட்டையும் வேண்டியிருக்கின்றன. ‘எதுவுமே இல்லை’ என்று காட்ட இரண்டு வகுத்தல் போதுமாயிருக்கிறது. 43, 67, 163 மூன்றுக்கும் இதே வரிகள் மாறாமல் ஓடும், θவைச் சுற்றிய நார்ம்கள் மட்டும் மாறும். 163இல் அவை 41, 41, 43.

எளிமையாக இருந்தும் இந்த விவரம் பாடப்புத்தகங்களுக்கு மெதுவாகவே வந்தது. 1973இல் ஜாக் வில்சன் ‘மேத்தமேட்டிக்ஸ் மேகஸின்’ இதழில் மாணவர்களுக்கு ஏற்றபடி எழுதினார். 1988இல் ஆஸ்கர் காம்போலி ‘அமெரிக்கன் மேத்தமேட்டிகல் மன்த்லி’யில் இன்னும் சுருக்கினார். ஹெர்ஸ்டைன் காட்டிவிட்டுப் போன கட்டுரையை நூலகத்தில் தேட முடியாத மாணவருக்குக் காம்போலியின் வழியே நல்ல துணை.

மோட்ஸ்கினின் வாதம் ஓடுவதற்குக் காரணம் யூனிட்டுகளின் பஞ்சம். இரண்டே இரண்டு யூனிட் இருந்தால் இரண்டாம் அடுக்கு வறண்டுபோகிறது, அதன் மேல் எதுவும் ஏற முடிவதில்லை. யூனிட்டுகள் எண்ணற்றவையாக இருந்தால் நிலைமை தலைகீழ். பொதுமைப்படுத்தப்பட்ட ரீமான் கருதுகோள் உண்மை என்று கொண்டால், எண்ணற்ற யூனிட்டுகள் கொண்ட எண்களத்து முழு எண் வளையம் பி.ஐ.டி.யாக இருந்தாலே யூக்ளிடியன்தான் என்று வைன்பெர்கர் 1973இல் காட்டினார். அப்படியானால் 19, 43, 67, 163 நான்கு மட்டுமே விதிவிலக்கு. கருதுகோள் இன்னும் நிரூபிக்கப்படவில்லை, ஆகவே தனித்தனி வளையங்களோடு நேரடியாக மோத வேண்டியிருக்கிறது. √14ஐச் சேர்த்து வரும் வளையம் நெடுநாள் அடம்பிடித்தது. அதில் நார்ம் தோற்கும், ஆனால் 15 + 4√14 என்ற யூனிட்டைத் தன்னோடே பெருக்கிக்கொண்டு போனாலே எண்ணற்ற யூனிட்டுகள் கிடைக்கும். 2004இல் வெளியான கட்டுரையில் மால்கம் ஹார்ப்பர் அது யூக்ளிடியன் என்று எந்தக் கருதுகோளும் இல்லாமல் நிரூபித்தார். அதே ஆண்டில் ராம் மூர்த்தியோடு சேர்ந்து மேலும் பல வளையங்களுக்கு அந்த முறையை நீட்டினார். ஹார்ப்பர் கையில் எடுத்த கருவியும் மோட்ஸ்கினின் அடுக்குகளே. 19இல் மூன்றாம் படியிலேயே காலியான அந்த ஏணி, 14இல் எல்லாப் பகா எண்களையும் தொட்டு ஏறிவிடுகிறது.