முகமாற்றத்தில் எது அளக்கப்பட்டது, எது விடுபட்டது?

2020இல் வெளிவந்த 'வெல்கம் டு செச்னியா' என்னும் ஆவணப்படத்தில், ஒடுக்குமுறைக்குத் தப்பியோடியவர்களின் முகங்களுக்குப் பதிலாகத் தன்னார்வலர்களின் முகங்கள் பொருத்தப்பட்டன. பேசியவர் யார் என்பது மறைய வேண்டும். அவர் அஞ்சியதும் பார்வையைத் திருப்பிக்கொண்டதும் மறையக் கூடாது. முகமாற்றத்தை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டியிருப்பது இதனால்தான். மூலமுகத்தை அப்படியே ஒட்டிவைத்தால் அடையாள மதிப்பெண் முழுமையாகக் கிடைக்கும். இலக்குப் படத்தை மாற்றாமல் திருப்பித் தந்தாலோ பாவப் பிழை சுழியாகும். ஒற்றை மதிப்பெண் இவ்விரு தோல்விகளில் ஒன்றை வெற்றியாகவே காட்டும்.

2019இன் இறுதியில் வெளியான ஃபேஸ்ஷிஃப்டர் ஆய்வு இவ்வளவைகளை ஒரே அட்டவணையில் வைத்தது. ஃபேஸ்ஃபாரன்சிக்ஸ்++ தொகுப்பின் 1000 காணொளிகளிலிருந்து தலா 10 சட்டகங்கள் எடுக்கப்பட்டன. மாற்றப்பட்ட முகத்துக்கு மிக நெருங்கிய முகம் சரியான மூலக் காணொளியில் இருக்கிறதா என்பது முதற்கேள்வி. தலைநிலைக்கும் முகபாவத்துக்கும் தனி மதிப்பீட்டுக் கருவிகள் இருந்தன. இலக்குக்கும் விளைவுக்கும் இடையிலான தொலைவே பிழையாகக் கொள்ளப்பட்டது.

அவ்வட்டவணையில் ஃபேஸ்ஸ்வாப் என்னும் பழைய முறையின் அடையாள மதிப்பெண் 54.19 மட்டுமே, அதன் தலைநிலைப் பிழையோ 2.51. ஃபேஸ்ஷிஃப்டர் 97.38 பெற்றும் தலைநிலைப் பிழையில் 2.96 என்று பின்தங்கியது. பழைய முறை இலக்கின் முக அடையாளப் புள்ளிகளில் முப்பரிமாண வார்ப்பைப் பொருத்தி அதன்மேல் மூலத்தின் தோற்றத்தைப் போர்த்தியது. தலை அசையாமல் நின்றதில் வியப்பில்லை. அடையாளத்தை மட்டும் பார்த்தவர்க்கு இந்தச் செய்தி கிடைத்திராது.

எனினும் பார்வை இவ்வட்டவணைக்கு வெளியே நின்றது. தலைநிலைக் கருவி தலையை அளக்கிறது, விழியை அன்று. விழிக்கோளத்தின் ஆரம் ஏறத்தாழ 12 மி.மீ.; பார்வை 10 பாகை திரும்பினால் கருவிழி சுமார் 2 மி.மீ. நகரும். 140 மி.மீ. அகலமுள்ள முகம் படத்தில் 180 படப்புள்ளிகளை நிரப்பினால், அந்நகர்வு மூன்று புள்ளிகளுக்கும் குறைவு. முழுப் படத்தின் சராசரிப் பிழையில் அது கரைந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கோ உடனே உறுத்தும். ஆகவே 2022இல் வந்த எல்2சிஎஸ்-நெட் போன்ற பார்வை மதிப்பீட்டுக் கருவியைக் கொண்டு, இரு பார்வைத் திசைகளுக்கும் இடையிலான கோணத்தைத் தனியே கணக்கிட வேண்டும்.

இங்கும் ஓர் எல்லை உண்டு. முப்பரிமாண மாதிரி முகவடிவத்தையும் பாவத்தையும் முற்றாகப் பிரிப்பதில்லை. தாடை அகன்றவர் அதே புன்னகையைப் புரிந்தாலும் பாவ எண்கள் சற்றே மாறும். இலக்குப் படத்தை மறுசுருக்கம் செய்து, அதனை அதன் மூலப்படத்துடன் ஒப்பிட்டால் கருவியின் சொந்தத் தடுமாற்றம் புலப்படும். இரு முறைகளுக்கு இடையிலான வேறுபாடு அதனினும் சிறிதாயின், அட்டவணையின் தரவரிசைக்குப் பொருளில்லை.