ஆடை ஏற்றுமதியில் கடல்வழிச் சரக்குக் காப்பீடு

கடல்வழிச் சரக்குக் காப்பீடு, கப்பலேறி வெளிநாடு செல்லும் சரக்கு வழியில் அழிந்தாலோ கெட்டாலோ காணாமற்போனாலோ இழப்பை ஈடுசெய்யும் ஒப்பந்தம். பெயரில் கடல் இருந்தாலும் கிடங்கிலிருந்து துறைமுகம்வரையுள்ள லாரிப் பயணமும் இதற்குள் வரலாம். இந்தக் காப்பீட்டை விற்பவர் எடுப்பதா, வாங்குபவர் எடுப்பதா என்பதைக் காப்பீட்டுச் சட்டம் சொல்வதில்லை. எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். போன்ற விற்பனை விதிமுறைகளே அதைத் தீர்மானிக்கின்றன.

லண்டனில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்வர்ட் லாயிட் நடத்திய காபிக் கடையில் கப்பல் முதலாளிகளும் காப்பீடு எழுதுவோரும் கூடினர். அந்த வட்டத்திலிருந்து வளர்ந்த லாயிட்ஸ் நிறுவனம் 1779இல் ஏற்ற பாலிசி வாசகம், ஏறத்தாழ மாற்றமின்றி இரு நூற்றாண்டுகள் புழங்கியது. பிரிட்டன் 1906இலும், அதை அடியொற்றி இந்தியா 1963இலும் கடல் காப்பீட்டுச் சட்டம் இயற்றின. இரண்டிலும் உள்ள ஒரு விதி ஏற்றுமதியாளருக்கு முக்கியமானது: இழப்பீடு கேட்பவருக்கு, இழப்பு நேர்ந்த வேளையில் அந்தச் சரக்கில் காப்புறுதிக்குரிய நலன் இருந்திருக்க வேண்டும். சரக்கு அழிந்தால் நட்டம் யார் தலையில் விழுமோ, அவருக்கே பொதுவாக அந்த நலன் உண்டு.

நட்டம் யார் தலையில் என்பதை வணிகர்கள் தமக்குள் வகுத்துக்கொண்டதே விற்பனை விதிமுறைகளின் வரலாறு. எஃப்.ஓ.பி. பழையது, ஆங்கிலேய நீதிமன்றத்தில் 1812 அளவிலேயே வழக்கில் அடிபட்டது. வாங்குபவர் கப்பலை ஏற்பாடு செய்வார், விற்பவர் சரக்கை அதில் ஏற்றிக் கொடுப்பார், அதன்பின் பொறுப்பு வாங்குபவருடையது. சி.ஐ.எஃப். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றது. இதில் கப்பல் வாடகையும் காப்பீடும் விலைக்குள் அடங்கும். விற்பவர் பில் ஆஃப் லேடிங், பாலிசி, இன்வாய்ஸ் மூன்றையும் கொடுத்துப் பணம் வாங்குவார். பாலிசியை எடுப்பவர் விற்பவர் என்றாலும், கப்பலேறிய பிறகு நட்டம் வாங்குபவருடையதே. அதனால்தான் பாலிசி அவர் பெயருக்கு மாற்றித் தரப்படுகிறது. பாரிஸிலுள்ள பன்னாட்டு வணிகக் கழகம் 1936இல் இவற்றை இன்கோடெர்ம்ஸ் என்ற பெயரில் தொகுத்தது. எஃப்.ஓ.பி.யில் பொறுப்பு மாறும் எல்லையாக நெடுங்காலம் கப்பலின் பக்கக் கைப்பிடிக் கம்பி கருதப்பட்டது. 2010 பதிப்புதான் அதைக் கைவிட்டு, சரக்கு கப்பலுக்குள் வைக்கப்படும் கணத்தை எல்லையாக்கியது.

இந்த எல்லை திருப்பூரின் பின்னலாடை வணிகத்தில் ஓர் இடைவெளியை உண்டாக்குகிறது. பெரிய வெளிநாட்டு வாங்குநர்கள் தமக்கென ஆண்டு முழுதுக்குமான காப்பீடும் கப்பல் ஒப்பந்தமும் வைத்திருப்பதால், பெரும்பாலும் எஃப்.ஓ.பி. விலையே கேட்கிறார்கள். 80,000 டாலர் மதிப்புள்ள டி-ஷர்ட்டுகளை ஒருவர் அப்படி விற்கிறார் என்று கொள்வோம். பெட்டிகள் லாரியில் சுமார் 300 கி.மீ. கடந்து தூத்துக்குடிக்குப் போய், அங்கே கன்டெய்னரில் அடுக்கப்பட்டு, கப்பலுக்காகச் சில நாள் காத்திருக்கின்றன. லாரி மதுரைக்கு அருகே கவிழ்ந்து மழையில் பெட்டிகள் நனைந்தால், வாங்குபவரின் பாலிசியில் 'கிடங்கு முதல் கிடங்கு வரை' என்று எழுதியிருப்பது திருப்பூர்க்காரருக்கு உதவாது. பாலிசி அவருடையதன்று, வாங்குபவருக்கோ அந்த வேளையில் பொறுப்பு வந்துசேரவில்லை. நட்டம் முழுவதும் விற்பவருடையது. கப்பலேறும்வரை உள்ள பயணத்துக்கு அவர் தனியாக உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அதிலும் பி பிரிவு தீயையும் வண்டி மோதுவதையும் கவிழ்வதையும் ஏற்கும், திருட்டை ஏற்காது. பெட்டி உடைத்து நான்கைந்து டஜன் உருவுவது ஆடைச் சரக்குக்கே உரிய தொல்லை என்பதால் ஏ பிரிவே பொருந்தும்.

கன்டெய்னர் முனையத்தில் ஒப்படைக்கும் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருந்தாது என்றும் எஃப்.சி.ஏ.யைப் பயன்படுத்துமாறும் இன்கோடெர்ம்ஸே கூறுகிறது. எஃப்.சி.ஏ.யில் முனையத்தை ஒப்படைப்பு இடமாகக் குறித்தால், வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்தாளரிடம் சரக்கு சேர்ந்ததுமே பொறுப்பு மாறிவிடும். ஆனாலும் ஆடை வணிகம் பழக்கத்தை விடவில்லை. சி.எஃப்.ஆர். விதிமுறையும் பலரைக் குழப்புகிறது. கப்பல் வாடகையை விற்பவர் கட்டுவதால் காப்பீடும் அவருடையது என்று தோன்றும். உண்மையில் கப்பலேறியதும் பொறுப்பு வாங்குபவருக்கு மாறுகிறது. காப்பீடு எடுக்க வேண்டியவரும் அவரே.

அதே சரக்கை சி.ஐ.எஃப். முறையில் விற்றால் கணக்கு மாறும். கப்பல் வாடகை 3,000 டாலர், பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 0.1 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், சி.ஐ.எஃப். விலை ஏறத்தாழ 83,091 டாலர். காப்பீடு விலைக்கு 10 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், தொகை சுமார் 91,400 டாலர். பிரீமியம் 91 டாலர் சொச்சம். பாலிசி விற்பவர் பெயரில் கிடங்கிலிருந்தே தொடங்குமாறு எடுக்கப்படுவதால் தூத்துக்குடி வரையுள்ள சாலையும் அதற்குள் அடங்கும்.

ஆனால் சி.ஐ.எஃப். விற்பவரிடம் இன்கோடெர்ம்ஸ் கேட்பது மிகக் குறைந்த காப்பீட்டை மட்டுமே. லாயிட்ஸின் பழைய வாசகத்துக்கு மாற்றாக 1982இல் வந்த ஏ, பி, சி சரக்கு விதித்தொகுதிகளுள் அது சி. தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டல், மோதல் போன்ற பெரு விபத்துகளை அது ஏற்கும். திருட்டையும் கன்டெய்னருக்குள் புகும் தண்ணீரையும் ஏற்காது. டி-ஷர்ட்டுக்கு நேரக்கூடியவை பெரும்பாலும் இவ்விரண்டே. ஆகவே ஏ தொகுதி வேண்டுமென்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும். 2020 பதிப்பு ஏ தொகுதியைக் கட்டாயமாக்கியது சி.ஐ.பி. விதிமுறைக்கு மட்டுமே.

ஏ தொகுதியும் எல்லாவற்றையும் ஏற்பதில்லை. கல்கத்தாவிலிருந்து ராட்டர்டாம் சென்ற தோல் கையுறைகள் ஈரமாகிப் பூஞ்சை பிடித்த வழக்கில், கையுறைகளே உறிஞ்சிவைத்திருந்த ஈரம் ஆவியாகி, கன்டெய்னர் கூரையில் நீராகப் படிந்து, மீண்டும் அவற்றின்மேல் சொட்டியது என்பது தெரியவந்தது. கீழ் நீதிமன்றம் வாங்குபவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1990இல் ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, இது சரக்கின் உட்குறை, காப்பீட்டுக்குள் வராது என்றது. பருத்தி ஆடைக்கும் இதே ஆபத்து உண்டு. மழைக்காலத்தில் சரியாக உலராத துணியும் ஈரப் பெட்டிகளும் பூட்டிய கன்டெய்னருக்குள் போகின்றன. நனைந்த சரக்கைச் சோதிக்கும் சர்வேயர் கறையில் சில்வர் நைட்ரேட் கரைசலை விட்டுப் பார்ப்பார். பால்போல வெளுத்தால் உப்பு இருக்கிறது, கடல்நீர் புகுந்திருக்கலாம். வெளுக்காவிட்டால் மழைநீரோ உள்ளே படிந்த ஈரமோ எனத் தேடுவார்.

எஃப்.ஓ.பி. விற்பவரின் பொறுப்பு கப்பலேற்றத்தோடு முற்றிலும் முடிவதுமில்லை. இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம், 1930இன் 39ஆம் பிரிவுப்படி, கடல்வழி செல்லும் சரக்கை வாங்குபவர் காப்பீடு செய்துகொள்ள ஏதுவாக விற்பவர் அவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது அனுப்பத் தவறினால், கடற்பயணத்தின்போது சரக்கு விற்பவரின் பொறுப்பாகவே கருதப்படும். கப்பல் பெயரும் புறப்படும் நாளும் தெரிந்தவுடன் மின்னஞ்சல் அனுப்புவது அதற்காகவே.

பணம் பின்னால் வரும் விற்பனையில் இன்னொரு சிக்கல் எழும். சரக்கு கடலில் அழிந்தால் சட்டப்படி நட்டம் வாங்குபவருடையது, காப்பீட்டுப் பணமும் அவருக்கே போகும். ஆனால் அவர் பணம் கட்ட மறுத்தால் விற்பவர் கையில் ஒன்றும் இல்லை. இ.சி.ஜி.சி. தரும் கடன் காப்பீடு வாங்குபவர் பணம் தராததை ஈடுசெய்வதற்கானது, சரக்குச் சேதத்துக்கானதன்று. இந்த நிலைக்கென விற்பவரின் கன்டின்ஜென்சி காப்பீடு உள்ளது. சரக்கு சேதமாகி, வாங்குபவர் பணம் தர மறுக்கும்போது மட்டும் அது விற்பவருக்குப் பணம் தரும். அப்படியொரு பாலிசி இருப்பதை வாங்குபவருக்குத் தெரிவிக்கக் கூடாது என்பது அதன் வழக்கமான நிபந்தனை.